தலையில் திடீரென ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டியிருக்கிறது, திரும்ப முளைக்குமா?

"வயது 27. போன வாரம்தான் கவனித்தேன். பின்னந்தலையில் ஒரே ஒரு இடத்தில் வட்டமாக முடி இல்லை. அரிப்பு, வலி எதுவும் கிடையாது. வீட்டில் புழுவெட்டு என்கிறார்கள். இது பரவுமா? முடி திரும்ப வர எவ்வளவு நாள் ஆகும்?"

எனக்கு இது சலூன் நாற்காலியில் வைத்துத் தெரிந்தது. 2019, அப்போது எனக்கு 31 வயது. பின்னந்தலையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சட்டென்று நின்றது. "அண்ணே, இங்க புழு வெட்டியிருக்கே, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்து முன் கண்ணாடியில் காட்டினார். வலது காதுக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளி, ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்தது மாதிரி ஒரு வட்டம். தடவிப் பார்த்தால் சின்னக் குழந்தையின் கன்னம் போல வழுவழுவென்று இருந்தது. முந்தின மாதம் வெட்டும்போது அது இல்லை என்று அவரே சொன்னார்.

அரிப்பு இல்லை, வலி இல்லை, வட்டமாக இருக்கிறது என்கிறீர்கள். அந்த இடத்தில் செதிலும் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால், பெரும்பாலும் இது அலோபீசியா ஏரியேட்டாதான். நம் ஊரில் புழுவெட்டு என்று சொல்வதும் இதைத்தான். பேரில்தான் புழு, தலையில் புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. நம் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் முடியின் வேரை அந்நியப் பொருள் என்று தப்பாக எடுத்துக்கொண்டு சூழ்ந்துவிடுகின்றன. அந்த இடத்தின் தோலை நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர்கள், தேனீக்கள் மொய்ப்பது போல இருக்கிறது என்றே வர்ணிப்பார்கள். மொய்ப்பது வேரின் அடிக்குமிழை மட்டும்தான். அதற்குக் கொஞ்சம் மேலே, புதிய முடியை உண்டாக்கும் தாய்ச்செல்கள் பத்திரமாக இருக்கின்றன. அதனால் வேர் சாவதில்லை, தூங்கிப்போகிறது. திரும்ப முளைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு நான் தைரியமாக "முளைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். புழுவும் இல்லை, கிருமியும் இல்லை என்பதால் இது யாருக்கும் தொற்றாது. வீட்டில் சீப்பை ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

இப்போது ஒன்று செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் யாரையாவது அந்த வட்டத்தின் ஓரத்தை, நடுவை அல்ல, ஓரத்தை, போனில் கிட்ட வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் குட்டை முடிகள் நிற்கலாம். மேலே தடிமனாகவும் தோலுக்குள் போகும் இடத்தில் நூல் போல மெலிந்தும் இருக்கும், அதாவது ஆச்சரியக்குறி மாதிரி. மருத்துவர்களும் அதை ஆச்சரியக்குறி முடி என்றுதான் சொல்கிறார்கள். அது தெரிந்தால் நோய் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற விளக்கு வைத்த சின்ன லென்ஸால் இதையே பார்ப்பார். ஓரத்து முடிகளை விரலால் மெதுவாக இழுத்தும் பார்ப்பார், சுலபமாகக் கையோடு வந்தால் வட்டம் இன்னும் விரிகிறது. எனக்கு முதல் நாள் அப்படி ஆறேழு முடி வந்தது.

செதில் உதிர்ந்து, அரித்து, முடி ஒடிந்து ஒடிந்து நின்றால் அது படை, பூஞ்சைத் தொற்று. சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும், அதற்கு மருந்தே வேறு. தோல் பளபளவென்று இறுகி, முடி வரும் துளைகளே தெரியாமல் போயிருந்தால் அது தழும்பாகும் வகை. அதில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் அங்கே வேர் நிஜமாகவே அழிந்துவிடும்.

நான் நேராகத் தோல் மருத்துவரிடம் போகவில்லை, முதல் தப்பு அதுதான். மருந்துக் கடையில் காட்டினேன், படைக்குப் போடும் களிம்பு கொடுத்தார்கள், மூன்று வாரம் வீணாகப் போனது. அப்புறம் பெரியம்மா சொன்னார் என்று சின்ன வெங்காயம், மிளகு, உப்பு மூன்றையும் அரைத்துச் சுரசுரப்பான துணியால் தேய்த்தேன். மூன்றாம் நாள் கொப்புளம். தோல் கறுத்து உரிந்தது.

இந்த வைத்தியத்தில் பலன் கிடைத்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு சின்ன வட்டம் என்றால், எதுவும் செய்யாமலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் முடி வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எதைத் தேய்த்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். இன்னொன்று, தோலை லேசாக எரிச்சலூட்டினால் வேரை மொய்க்கும் செல்கள் திசைமாறலாம் என்ற எண்ணத்தில் மருத்துவர்களே வேறு ரசாயனங்களை அளந்து பூசுவது உண்டு. வெங்காயச் சாற்றை வைத்துப் பாக்தாதில் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வில் நல்ல பலன்கூடக் காட்டினார்கள். ஆனால் அது வெறும் சாறு. மிளகும் உப்பும் சேர்த்துத் தோல் கிழியத் தேய்ப்பது வேறு. எனக்கு அந்தப் புண் ஆறும்வரை ஊசி போட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், இன்னும் இரண்டு வாரம் போனது.

பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வட்டம் இருந்தால் வழக்கமாகச் செய்வது இந்த ஊசிதான். ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டை நீர்க்கச் செய்து, மெல்லிய ஊசியால் வட்டத்துக்குள் தோலிலேயே, சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், ஒவ்வொரு இடத்திலும் 0.1 மில்லி அளவுக்குப் போடுவார்கள். எனக்கு ஒரு முறைக்கு ஐந்து குத்து. எறும்பு கடித்தது போல இருந்தது என்று சொல்ல மாட்டேன், குளவி கொட்டியது மாதிரி இருந்தது, ஆனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. இரண்டாம் ஊசிக்குப் பிறகு ஒரு இடத்தில் தோல் சின்னக் குழியாக அமுங்கியது, பயந்துபோய் ஓடினேன். மருந்து ஒரே இடத்தில் தங்கினால் அப்படி ஆகும், பெரும்பாலும் தானாக நிரம்பிவிடும் என்றார், அடுத்த முறை அந்த இடத்தை விட்டுவிட்டுப் போட்டார். ஆறு மாதத்தில் நிரம்பிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று பூசும் மருந்தில்தான் தொடங்குவார்கள்.

முதல் முடி ஆறாவது வாரம் வந்தது. ஆனால் நேராகப் பார்த்தால் தெரியவில்லை. என் மனைவி போன் விளக்கைத் தலைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் பீச் பழத்தின் மேல் இருக்குமே, அந்த மாதிரி வெள்ளை ரோமம் மின்னியது. வெள்ளையாக வந்ததும் நரைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நிறம் கொடுக்கும் செல்கள் பின்னால்தான் வேலைக்குத் திரும்பும், அதனால் புது முடி வெள்ளையாக வருவது சகஜம். எனக்கு மூன்றாம் மாதம் அடியில் கறுப்பு ஏறத் தொடங்கியது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆக சுற்றியுள்ள முடியோடு கலந்து வட்டம் மறைய எனக்கு ஐந்து மாதம் ஆனது. உங்களுக்கும் கணக்கை வாரத்தில் போடாதீர்கள், மாதத்தில் போடுங்கள்.

"பரவுமா" என்றீர்கள். ஊசி அது இறங்கிய இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். வேறு இடத்தில் புது வட்டம் வருவதை அது தடுக்காது, இதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை. நிறையப் பேருக்கு இது என்றாவது மறுபடி வரும், எப்போது, எங்கே என்று சொல்ல முடியாது. எனக்கு 2022-ல் தாடையில் வந்தது. சின்னதுதான் என்று இந்த முறை எதுவும் போடாமல் விட்டேன்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் போய்விடுங்கள். வட்டம் தனித்தனியாக இல்லாமல் பிடரியிலிருந்து காதுக்கு மேல் வரை பட்டையாக ஓடினால், புருவமோ இமை முடியோ சேர்ந்து கொட்டினால், நகங்களில் குண்டூசியால் குத்தியது போல வரிசையாகப் புள்ளிக் குழிகள் இருந்தால், அது கொஞ்சம் பிடிவாதமான வகையாக இருக்கலாம். தலையில் பாதிக்கு மேல் போனவர்களுக்கு இப்போது மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் பேரிசிடினிப், 2023-ல் 12 வயது நிரம்பியவர்களுக்கும் ரிட்லெசிடினிப் என்று அனுமதித்தார்கள். காசநோய் இருக்கிறதா என்று பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்துகள் அவை, நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டுகிறது. ஒரு நாணயம் அளவு வட்டத்துக்கு அவற்றை யாராவது எழுதிக் கொடுத்தால் வேறொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் எனக்கு மருத்துவர் தைராய்டு மட்டும் பார்த்தார், ஏனென்றால் இந்த மாதிரி தன்னைத்தானே தாக்கும் நோய்கள் ஒன்றோடொன்று வருவது உண்டு. முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டிவிடும். சத்துக் குறைவு இல்லாதவருக்குப் புழுவெட்டில் அதனால் பயனும் இல்லை.

தோல் மருத்துவரைப் பார்க்கும்வரை எதையும் தேய்க்காதீர்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஒரே வெளிச்சத்தில், இரண்டு வாரத்துக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். விரிகிறதா, நிற்கிறதா என்பதை விரலால் தடவிச் சொல்ல முடியாது. என்னிடம் தாடையில் வந்த வட்டத்தின் படங்கள் பத்து இருக்கின்றன. நான்காவது படம் வரை பெரிதாகிக்கொண்டே போகிறது, ஐந்தாவதில் நிற்கிறது, எட்டாவதில் வெள்ளை ரோமம், பத்தாவதில் கறுப்பு. அந்த இடத்தில் மூன்று முடி மட்டும் இன்றைக்கும் வெள்ளையாகவே இருக்கின்றன.