காகிதப் பட்டையில் தொட்ட எண்ணெயை மறுநாளும் ஏன் முகர்ந்து பார்க்கிறார்கள்?

"வாசனை எண்ணெயைச் சோதிப்பவர்கள் ஒரே பட்டையை மணிக்கணக்கில், நாள்கணக்கில் முகர்வது ஏன்? ஒருமுறை முகர்ந்தால் தெரியாதா?"

தெரியாது. முகர்பட்டை என்பது மை உறிஞ்சும் தாள் போன்ற காகிதத் துண்டு. எண்ணெயில் பல பொருள்கள் கலந்திருக்கும். இலேசானவை சீக்கிரம் ஆவியாகும், கனமானவை தங்கும். கொடியில் மெல்லிய துணி முதலில் காய்வதும் போர்வை ஈரமாகவே இருப்பதும் போலத்தான்.

எலுமிச்சை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். நம்பகமான மாதிரி ஒரு பட்டையில், சோதிக்க வேண்டியது இன்னொன்றில். இரண்டையும் ஒரே ஆழத்துக்கு நனைத்து, மறுமுனையில் பெயரும் நேரமும் குறிப்பார்கள். முதல் சில நிமிடங்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம், ஏமாறுவது இங்கேதான். எலுமிச்சை எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற இலேசான பொருள். அது வேகமாகப் பறந்துவிடும், சில மணி நேரத்தில் மணம் வெகுவாக மங்கிவிடும். மறுநாள் சோதனைப் பட்டை மட்டும் பளிச்சென்று மணந்தால், கனமான ஏதோ சேர்க்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகம் வரும். உறுதிசெய்ய ஆய்வகச் சோதனை வேண்டும். பச்சௌலி என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் கதையே தலைகீழ்: அது நாள்கணக்கில் நிற்க வேண்டும், சீக்கிரம் மங்கினால்தான் சந்தேகம்.

அப்புறம், மூக்கு சீக்கிரம் பழகிவிடும். அதனால் சிறு சிறு மூச்சாக முகர்ந்து, பட்டையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

முதலில் தூக்கலாகத் தெரியும் மேல்மணம், பிறகு தெரியும் நடுமணம், கடைசிவரை தங்கும் அடிமணம் என்பவை வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லாமே முதல் நொடியிலிருந்தே ஆவியாகின்றன, வேகம்தான் வேறு.