கைப்பிடியில் 2 நாள், விரலில் 5 நிமிடம்

கேள்வி: வீட்டில் ஒருவருக்குச் சளிக் காய்ச்சல். கதவுக் கைப்பிடி, போன், துணி இதிலெல்லாம் கிருமி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்? எதையெல்லாம் துடைக்கணும்?

இதை எழுதும்போது உங்கள் ஒரு கையில் பிளீச் பாட்டிலும் இன்னொரு கையில் பழைய பனியன் துணியும் இருக்கும் என்று நினைக்கிறேன். போன வருடம் ஐப்பசி அடைமழையில் நானும் அப்படித்தான் நின்றேன். இத்தனைக்கும் நான் நுண்ணுயிரியல் படித்தவள். ஒரு தனியார் கல்லூரியில் ஆறு வருடம் அதைத்தான் பாடமாக எடுத்தேன். (நான்கு மாதச் சம்பளம் இன்னும் பாக்கி, அது தனிக் கதை.) டாக்டர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் அதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டாம்.

முதலில் உங்களுக்கு வேண்டிய கணக்கு. ஃப்ளூ வைரஸை வைத்து 1982-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். இன்றும் எல்லாரும் சொல்வது பெரும்பாலும் அந்த எண்களைத்தான். எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை இருந்தது. துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் போய்விட்டது. கதவுக் கைப்பிடியும் போனும் முதல் வகை, துண்டும் தலையணை உறையும் இரண்டாம் வகை.

இதோடு நிறுத்திவிட்டால் பயம்தான் மிஞ்சும். அதே சோதனையில் இன்னொரு பாதி உண்டு, அதை யாரும் பகிர்வதில்லை. பரப்பைத் தொட்டால் விரலுக்கு எவ்வளவு வருகிறது என்றும் பார்த்தார்கள். எவர்சில்வரிலிருந்து 24 மணி நேரம் வரை விரலுக்கு ஒட்டியது. மூக்குத் துடைக்கும் காகிதத்திலிருந்து 15 நிமிடம் வரைதான். அப்படி விரலுக்கு வந்த ஃப்ளூ வைரஸ் 5 நிமிடத்துக்கு மேல் அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. அதாவது கைப்பிடியைத் தொட்ட விரல் அந்த ஐந்து நிமிடத்துக்குள் மூக்குக்கோ கண்ணுக்கோ போனால்தான் வம்பு. பரப்பில் இருக்கும் வைரஸும் 48-வது மணி வரை அதே பலத்தோடு உட்கார்ந்திருப்பதில்லை. மணிக்கு மணி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கண்டுபிடிக்கிற அளவுக்குக் கொஞ்சம் மிஞ்சியது என்றுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

சாதாரண ஜலதோஷம் வேறு ஜாதி. அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது ரைனோ வைரஸ். ஃப்ளூ வைரஸுக்கு வெளியே கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு, சோப்பும் ஆல்கஹாலும் அதைக் கரைத்துவிடும். ரைனோவுக்கு அந்த உறையே கிடையாது. அதனால் விரலிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கும், சானிடைசருக்கும் சுலபத்தில் அசையாது. அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போக விடுவதுதான் வழி.

சரி, என் கதை. ஒரு ஞாயிறு இரவு பெரியவனுக்கு, ஒன்பது வயது, காய்ச்சல் 102-ஐத் தொட்டது. திங்கள் காலை டாக்டர் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து இன்ஃப்ளூயன்சா ஏ என்றார். திங்கள் மதியத்திலிருந்து நான் துடைக்க ஆரம்பித்தேன். 5 சதவீத பிளீச்சில் 20 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதம் வரும். பாடம் நடத்திய கை, அளவெல்லாம் சரிதான். எல்லாக் கைப்பிடிகளும், சுவிட்சுகளும், யாருமே போகாத மாடி அறைத் தாழ்ப்பாளும்கூட. அத்தை (மாமியார்) பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தக் கதவுக்கா காய்ச்சல்? பிள்ளைக்கு ஒரு மிளகு ரசம் வை" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

செவ்வாய் சாயங்காலம் நான்கு வயதுப் பாப்பாவுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை அத்தைக்கு. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம்.

எல்லாரும் தேறிய பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃப்ளூ தொற்றிய 1 முதல் 4 நாளில், பெரும்பாலும் 2 நாளில், காய்ச்சலாகத் தெரியும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது பிறருக்குப் பரவவும் தொடங்கிவிடும். பாப்பாவுக்குச் செவ்வாய் மாலை என்றால் அவளுக்குத் தொற்றியது அநேகமாக ஞாயிறு. இரண்டு பேரும் ஒரே அறையில், ஏசி போட்டு, ஜன்னல் சாத்தி, ஒரே போர்வைக்குள் படுத்திருந்த ஞாயிறு. நான் பிளீச்சைக் கலக்கும் முன்பே முடிந்துபோன விஷயம் அது.

அத்தை விஷயம்தான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தொற்றிய நாட்களில் நான் துடைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் பாப்பா அவர் மடியில்தான் கிடந்தாள். மூக்கு ஒழுகினால் அத்தை முந்தானையால் துடைப்பார், அதே முந்தானையால் தன் நெற்றி வியர்வையை ஒற்றுவார், கண்ணையும் கசக்கிக்கொள்வார். காய்ந்த துணியிலிருந்து கிருமி அவ்வளவு சீக்கிரம் விரலுக்கு வராது. ஆனால் சளி ஈரம் காயாத துணி, அதுவும் துடைத்த உடனே முகத்துக்குப் போகிற துணி, கைப்பிடியைவிடப் பல மடங்கு மோசம். அதைவிட, குழந்தை அவர் முகத்துக்கு நேரே இருமிக்கொண்டிருந்தது. எது காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. மாடித் தாழ்ப்பாள் இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

காற்றா, கையா என்ற சண்டை பழையது. 1980-களில் விஸ்கான்சினில் எலியட் டிக் என்பவர் இதற்காகச் சீட்டுக் கச்சேரியே நடத்தினார். ஜலதோஷம் பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒரு மேசையில் உட்கார வைத்து 12 மணி நேரம் சீட்டாட விட்டார். ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்குக் கை முகத்துக்கே போகாதபடி கட்டுப்போட்டு வைத்தார். கட்டுப்போட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் ஜலதோஷம் வந்தது. அப்புறம் அந்த நோயாளிகள் ஆடிய, சளிப் பிசுக்கு ஏறிய சீட்டுகளை வேறு அறைக்கு எடுத்துப்போய், நோயாளி யாரும் இல்லாத ஒரு கூட்டத்திடம் கொடுத்து, அடிக்கடி முகத்தைத் தொடச் சொல்லி ஆட வைத்தார். ஒருவருக்கும் வரவில்லை.

உடனே "அப்போ கை கழுவவே வேண்டாமா" என்று கிளம்பாதீர்கள். வர்ஜீனியாவில் இருந்த ஆராய்ச்சிக்காரர்கள், ரைனோ வைரஸ் ஒட்டிய விரலால் மூக்கையும் கண்ணையும் தொட்டால் ஜலதோஷம் வரும் என்று காட்டியிருக்கிறார்கள். ஜலதோஷக்காரர்கள் ஓர் இரவு தங்கிய ஓட்டல் அறைகளில், அவர்கள் தொட்ட இடங்களில் 35 சதவீதத்தில் ரைனோ வைரஸின் மரபுப்பொருள் கிடைத்தது. மரபுப்பொருள் கிடைப்பதும் உயிருள்ள வைரஸ் கிடைப்பதும் ஒன்றல்ல, வாட்ஸப் செய்திகளில் இந்த வித்தியாசம்தான் காணாமல் போகும். இரண்டு வழியும் உண்டு, ஆனால் ஒரே அறையில் மூச்சுவிடும்போது கைப்பிடி பின்னுக்குப் போய்விடுகிறது.

போனைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் நான் நிஜமாகத் தப்பு செய்தேன். பெரியவன் படுக்கையில் வீட்டுக்காரரின் போனில் விளையாடுவான், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து இருமுவான். பாப்பா அதைச் சூடு ஆறாமல் பிடுங்கிக்கொண்டு, இன்னொரு கையால் முறுக்குத் தின்பாள். நான் ராத்திரி ஒரு தடவை துடைத்து என்ன பிரயோஜனம்? கைமாறுவதற்கும் வாய்க்குப் போவதற்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இல்லையே. காய்ச்சல் முடியும்வரை அந்தப் போன் அவனுக்கு மட்டும் என்று வைத்திருந்தால் துடைக்கவே தேவையிருந்திருக்காது. அதிலும் நான் பிளீச்சால் துடைத்தேன், திரையின் மேற்பூச்சு போயே போய்விட்டது. போனை அணைத்து, உறையைக் கழற்றி, ஊசி போடுமுன் தேய்க்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் பஞ்சால் துடைத்துத் தானாகக் காய விட வேண்டும், அவ்வளவுதான்.

பிளீச்சிலும் ஒரு விஷயம். அடுப்படிக் கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குளோரின் அந்தப் பிசுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம்தான் பிளீச், அதுவும் சில நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். நான் துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஒற்றியெடுத்தேன். கழிவறை ஆசிட்டோடு மட்டும் தயவுசெய்து கலக்காதீர்கள், விஷவாயு வரும்.

எங்கள் அடுக்குமாடிச் சங்கம் இதில் தனி ரகம். காய்ச்சல் பரவுகிறது என்று வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டைத் தொடக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா முட்டிவலியோடு நான்கு மாடி ஏறினார். நோட்டீஸ் ஒட்டியவர் இருமிக்கொண்டே லிஃப்டில் போனார். பொத்தான்களைத் தினம் இரண்டு வேளை துடைத்ததும் உண்மை, ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, ஐந்து மாடிக்கும். நான் கூட்டத்தில் கேட்டேன், அதற்கு எனக்குக் கிடைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

இந்த வருடம் பாப்பாவுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. மாடித் தாழ்ப்பாளை நான் தொடவில்லை. ஏசியை நிறுத்தி, கொசுவலை அடித்த ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஆளுக்கொரு துண்டு. பாப்பாவுக்கு மூக்குத் துடைக்கக் கிழித்த பழைய வேட்டித் துண்டுகள், ஒரு தடவை துடைத்தால் மூடி போட்ட வாளிக்குள், சாயங்காலம் சலவைத்தூளில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில். தனியாகக் கொதிக்க வைக்கவில்லை. அத்தைக்கு ஒரு முகக்கவசம், குழந்தையைத் தொட்டு எழுந்ததும் சோப்பு. குளியலறைக் குழாய்த் திருகு, அந்த அறைக் கைப்பிடி, சுவிட்சு இந்த மூன்றையும் காலையும் மாலையும் துடைத்தேன். சானிடைசரை நம்பவில்லை. ஈரச் சளி ஒட்டிய விரலில் ஃப்ளூ வைரஸ் சானிடைசருக்குள்ளேயே சில நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்று 2019-இல் ஜப்பானில் காட்டியிருக்கிறார்கள். சளி ஆல்கஹாலை உள்ளே விடாதாம். ஓடும் தண்ணீரில் கழுவினால் அரை நிமிடத்தில் போய்விட்டது.

இந்தத் தடவை அத்தைக்கு வரவில்லை, பெரியவனுக்கு வந்தது. பள்ளியிலிருந்து வந்ததா, தங்கையிடமிருந்து வந்ததா என்று யார் கண்டது? வீட்டுக்காரரின் போன் மட்டும் அப்படியே இருக்கிறது. திரையில் கட்டைவிரல் ரேகை பட்டால் என்ன துடைத்தாலும் போவதில்லை, ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்க்கிறார்.