பதில்: சமையல்காரருடன் ஆர்டர் பரிமாற்றம்

"கோபியில் பூ அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். கல்யாண ஆர்டர் பிடித்துக் கொடுக்க, சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் பத்து சதவீதம் கமிஷன் கேட்கிறார். கொடுக்கலாமா?"

வணக்கம் ஐயா. கமிஷன் வேண்டாம், ஆர்டருக்கு ஆர்டர் என்று பேசுங்கள். நாற்பதாயிரம் ரூபாய் மேடை அலங்காரத்தில் பூவுக்கும் ஆள்கூலிக்கும் முப்பத்திரண்டாயிரம் போனால் மிஞ்சுவது எட்டாயிரம். அவர் கேட்கும் நாலாயிரம் அதில் சரிபாதி. முகூர்த்த நாளில் சத்தியமங்கலம் மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறிவிட்டால், அந்த மீதியும் நிற்காது.

பொதுவாக மண்டபத்துக்கு அடுத்து சமையலையும், அதன் பிறகே பூவையும் பேசுவதால், கல்யாண வீடுகள் அவருக்கே முதலில் தெரியவரும். ஆனால் வளைகாப்புக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் மாலை சொல்ல உங்களிடம் வருபவர்களில், நூறு பேருக்குச் சமைக்க ஆள் தேடுபவர்களும் இருப்பார்கள். அவர்களை அவரிடம் அனுப்புங்கள். அட்வான்ஸ் கைக்கு வந்த ஆர்டரை மட்டும் இருவரும் நோட்டில் எழுதி, முகூர்த்தம் இல்லாத ஆடியில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கு முன், அவர் சமைக்கும் ஒரு கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரை இருந்து கவனிப்பது மிக அவசியம். அங்கே சாம்பாரில் தண்ணீர் கூடினாலோ பொரியல் தீர்ந்தாலோ, நாளை அந்தக் குறை அவரைப் பரிந்துரைத்த உங்கள் பெயரில்தான் வந்து விழும்.