டாம்பர் வாங்குமுன் கூடையை அளந்தீர்களா?

காபித் தூள் நிரப்பும் கூடை 54 மி.மீ. உள்ள எஸ்பிரசோ மெஷினுக்கு, தூளை அமுக்கும் டாம்பரை 58 மி.மீ. அளவில் வாங்கிவிட்டேன். என்ன செய்யலாம்?

திருப்பி அனுப்பலாம். அல்லது காகிதம் பறக்காமல் மேஜையில் வைக்கலாம்.

30 பவுண்டு அழுத்தியதும் ‘கிளிக்’ என்று சத்தம் போடும் டாம்பர் வாங்கலாமா?

என்னிடம் ஒன்று அலமாரியில் தூங்குகிறது. அதற்கு முன் எடை மெஷின் மேல் கூடையை வைத்து, முள் 13, 14 கிலோவில் நிற்கிறதா என்று ஒரு மாதம் பழகினேன். காபி 15 விநாடியில் தண்ணீராகவே கொட்டியது. தப்பு என் கையில் இல்லை, அரைவையில்.

கணக்கைப் பாருங்கள். 58 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 26 சதுர செ.மீ. 30 பவுண்டைப் பரப்பினால் ஒரு சதுர செ.மீ.க்கு அரை கிலோ. பின்னால் வரும் பம்பின் தண்ணீர் அழுத்தம் 9 பார், அதாவது அதே ஒரு சதுர செ.மீ.க்கு 9 கிலோவுக்கு மேல். மொத்தம் 240 கிலோ. அதற்கு முன் உங்கள் தோள் எம்மாத்திரம்? தூள் இறுகி, டாம்பர் மேற்கொண்டு இறங்காமல் நின்றதும் வேலை முடிந்தது. அதற்கு மேல் அமுக்கினால் மணிக்கட்டுதான் வலிக்கும். சாய்வாக அமுக்கினால்தான் சிக்கல்: மெலிந்த பக்கமாகத் தண்ணீர் ஓடிவிடும். காபி வேகமாக இறங்கினால் இன்னும் நைசாக அரையுங்கள்.

58.5 என்று விற்ற டாம்பர் அளந்தால் 57. ‘ஒன்றரை மில்லிமீட்டரில் என்ன சார்’ என்கிறார் கடைக்காரர்.

நிறைய இருக்கிறது. உங்கள் கூடையின் உள்விட்டம் 58.5 என்றால் சுற்றிலும் முக்கால் மி.மீ. இடைவெளி, பரப்பில் 5 சதவீதம். அந்த வளையத்தில் தூள் பொலபொலவென்றே கிடக்கும், தண்ணீர் அதைத்தான் தேடிப் போகும். கூடையைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டர் அடிப்பக்கம் திறந்ததாக இருந்தால், ஓரம் மட்டும் சீக்கிரம் வெளிறுவது தெரியும்.

காலிப்பரில் அளவு தெரியப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புங்கள். இணையத்தில் வாங்கியதென்றால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். விடாதீர்கள்.

தூளின் மேல் போடும் காகித வட்டம் நூறு வாங்கினேன். ருசி மாறவே இல்லை. ஏமாந்தேனா?

பாதி. மேலே போட்டால் தண்ணீர் தூளைக் குழி பறிக்காது, மெஷினின் சல்லடையும் சுத்தமாக இருக்கும். சாறு கூடுதலாக இறங்கும் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

அதையே நனைத்துக் கூடையின் அடியில் ஒட்டிப் பாருங்கள். மாவு போன்ற நுண்தூள் துளைகளை அடைக்காமல் காகிதம் தடுக்கும், காபி வேகமாக இறங்கும். 28 விநாடி 22 ஆனால், மறுபடி 28 வரும்வரை அரைவையை நைசாக்குங்கள். லாபம் அந்த நைசில்தான். பழைய அரைவையிலேயே விட்டால் புளிக்கும். எண்ணெயில் கொஞ்சம் காகிதத்தில் தங்குவதால் காபி சற்று மெலிதாகத் தெரியும். இரட்டை அடி வைத்த கூடையில் வேகத்தை அதன் ஒற்றைத் துளையே முடிவு செய்கிறது. அங்கே அடியில் போட்டால் வீண்.

அடுத்த நூறு வாங்காதீர்கள். சாதாரண டிரிப் காபி காகிதத்தில் வட்டம் வெட்டிக்கொள்ளலாம்.