பார்சல் மெசேஜை நம்பி கார்டு எண்ணும் ஓடிபியும் கொடுத்துவிட்டேன், ஆனால் பணம் எதுவும் போகவில்லை. இனி பயமில்லைதானே?

பயம் இருக்கிறது. முதலில் வங்கிக்கு ஃபோன் போட்டு கார்டை முடக்கச் சொல்லுங்கள், அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள். அந்த ஃபோனிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: "என் கார்டு ஏதாவது மொபைல் வாலட்டில் சேர்ந்திருக்கிறதா, இருந்தால் அதை நீக்க முடியுமா?" இந்த ஒரு கேள்வி எனக்குத் தெரியாமல் போனதால் 19 நாள் நிம்மதியாகத் தூங்கினேன். இருபதாவது நாள் ராத்திரி தூக்கம் போனது.

படித்த மனுஷன் இதில் போய் விழலாமா என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவன். ஒரு பில்லில் இனிஷியல் மாறியிருந்தாலே திருப்பி அனுப்புகிற ஆள். லாட்டரி விழுந்தது, வெளிநாட்டு இளவரசர் சொத்து எழுதிவைத்தார் போன்றவற்றுக்கெல்லாம் நான் சிக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு நிஜமாகவே ஒரு பார்சலுக்காகக் காத்திருந்தேன். அப்பாவின் காது மெஷினுக்கு பேட்டரி. அது இல்லாமல் அவர் மூன்று நாளாக எல்லாரிடமும் "ஆங்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து "முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் கிடங்கிற்குத் திரும்பியது, 12 மணி நேரத்துக்குள் மறு டெலிவரி கட்டணம் செலுத்தவும்" என்று வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

இதில் டெலிவரிக்காரர்கள் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், "வந்தோம், வீட்டில் ஆள் இல்லை" என்று மெசேஜ் வரும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, எத்தனையோ தடவை. கஸ்டமர் கேருக்குப் போட்டால் அரைமணி நேரம் பாட்டு ஓடும், அப்புறம் லைன் கட்டாகும். நிஜக் கம்பெனியே இப்படிப் பொய் சொல்லி நம்மைப் பழக்கிவைத்திருக்கும்போது, திருடன் அதே பொய்யைச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? சரி, அதை விடுங்கள்.

லிங்கைத் தட்டினேன். லோகோ, நிறம் எல்லாம் கச்சிதம். முகவரியும் இந்த மாதிரிதான் இருந்தது, முடிவை மட்டும் மாற்றி எழுதுகிறேன்:

`post.com-redeliver.example/pay`

`post.com` என்ற இடத்தில் கண் நின்றுவிடும். அங்கேதான் தவறு. ஆரம்பத்தில் `https://` இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்கப்புறம் வருகிற முதல் சாய்கோட்டைப் பிடித்து, அங்கிருந்து இடதுபக்கமாகப் படிக்க வேண்டும். சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கிற கடைசி இரண்டு துண்டுகள்தான் அநேகமாக அந்தத் தளத்தின் சொந்தக்காரர். இங்கே அது `com-redeliver.example`. முன்னால் இருக்கிற `post` யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். இது எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் லோகோதான்.

பெயர், வீட்டு முகவரி, ஃபோன் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். கட்டணம் சில்லறைக் காசு. போனால் போகட்டும் என்கிற தொகை. கார்டின் 16 இலக்கம், காலாவதி தேதி, பின்னால் இருக்கிற 3 இலக்கம், எல்லாம் போட்டேன். "உங்கள் வங்கி சரிபார்க்கிறது, பக்கத்தை மூடாதீர்கள்" என்று ஒரு வட்டம் சுற்றியது. கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். பிறகு ஓடிபி வந்தது, போட்டேன். "தவறான ஓடிபி, மறுபடி முயலவும்" என்றது. இன்னொன்று வந்தது, அதையும் போட்டேன். அதற்கப்புறம் "இந்தக் கார்டு ஏற்கப்படவில்லை, வேறு கார்டு பயன்படுத்தவும்" என்றது. மனைவியின் கார்டை வாங்கி 16 இலக்கத்தையும் தேதியையும் அடித்துவிட்டு, அந்தக் கடைசி 3 இலக்கத்துக்காகக் கார்டைத் திருப்பும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மூடிவிட்டேன்.

கணக்கைப் பார்த்தேன். ஒரு பைசா குறையவில்லை. அந்தச் சில்லறைக் கட்டணம்கூட எடுக்கப்படவில்லை! தப்பித்தோம் என்று சாப்பிடப் போய்விட்டேன். நீங்கள் இப்போது இருக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டணத்தை அவர்கள் எடுக்காததற்குக் காரணம், அது அவர்களுக்குத் தேவையே இல்லை. ஓடிபி வந்த மெசேஜை முழுசாகத் திறந்து படித்தீர்களா? நான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் கீபோர்டே மெசேஜிலிருந்து ஆறு இலக்கத்தை எடுத்து மேலே காட்டுகிறது, ஒரு தட்டு தட்டினால் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மெசேஜில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை. 19 நாள் கழித்துத் திறந்து பார்த்தேன். தொகை என்று எதுவும் அதில் இல்லை. உங்கள் கார்டை மொபைல் வாலட்டில் சேர்ப்பதற்கான குறியீடு, யாரிடமும் பகிராதீர்கள் என்று இருந்தது. வங்கி சரியாகத்தான் எழுதி அனுப்பியிருக்கிறது. படிக்காதது நான்.

நடந்தது இது. கார்டை ஃபோனில் சேர்த்துவிட்டு, கடையில் மெஷினிடம் ஃபோனைக் காட்டினால் பணம் போய்விடும் இல்லையா, அந்த வாலட்டைத் திருடன் தன் ஃபோனில் திறந்து வைத்திருக்கிறான். நான் போலிப் பக்கத்தில் அடிக்கிற எண் அந்தக் கணமே அவனுக்குத் தெரிகிறது, அவன் அதைத் தன் வாலட்டில் போடுகிறான். கார்டுக்காரர் சம்மதிக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வங்கி ஓடிபியை எனக்கு அனுப்புகிறது. அதை நான் போலிப் பக்கத்தில் போட, அவன் தன் ஃபோனில் போட, என் கார்டு அவன் ஃபோனுக்குக் குடிபோய்விட்டது. ஓடிபிக்குச் சில நிமிஷம்தான் உயிர் என்பதால் இதெல்லாம் நான் உட்கார்ந்திருக்கும்போதே நடக்க வேண்டும். அந்த வட்டம் ஒரு நிமிஷம் சுற்றியது அதற்காகத்தான். "தவறான ஓடிபி" என்றது இன்னொரு ஃபோனில் சேர்க்கவோ வேறு எதற்கோ, அது எனக்குப் பிடிபடவே இல்லை. "வேறு கார்டு" என்றது பேராசை.

சேர்த்தபிறகு அந்த ஃபோனுக்கென்று கார்டு எண்ணுக்குப் பதிலாக ஒரு தனி எண் கொடுக்கப்படும். டோக்கன் என்பார்கள். அதற்கப்புறம் அவன் கடையில் வாங்கும்போது உங்களுக்கு ஓடிபி வராது. அவன் ஃபோனில் அவன் விரலை வைத்தாலே கார்டுக்காரர்தான் வந்திருக்கிறார் என்று கணக்கு. எனக்கு இருபதாவது நாள் ராத்திரி 11 மணிக்கு மேல், நான் கால் வைத்திராத ஒரு ஊரில், பத்து நிமிஷத்துக்குள் மூன்று கடையில் பணம் போனது. போய்விட்டது என்கிற மெசேஜ் மட்டும் வந்தது. இத்தனை நாள் அவன் பொறுத்திருந்தது நாம் மறப்பதற்காக என்றுதான் நினைக்கிறேன். நான் மறந்துதான் இருந்தேன்.

வங்கியில் பேசினால், "சார், உங்கள் ஓடிபி போட்டுத்தானே சேர்த்திருக்கிறார்கள்" என்றார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். முதல் தடவை பேசியவர் கார்டை முடக்கி, புதுக் கார்டு அனுப்புகிறேன் என்று முடித்துவிட்டார். எனக்கு மனசு கேட்காமல் மறுநாள் திரும்பக் கூப்பிட்டேன். அன்றைக்குக் கிடைத்த அம்மா கொஞ்சம் விவரமானவர். திரையைப் பார்த்து, "சார், இந்தக் கார்டோடு ஒரு ஃபோன் இணைந்திருக்கிறது, உங்களுடையதா?" என்று ஒரு மாடல் பெயர் சொன்னார். என் வீட்டில் யாரிடமும் அந்த ஃபோன் இல்லை. அதை அவர் நீக்கினார். இது ஏன் முக்கியம் என்றால், கார்டு மாறினாலும் வாலட் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகப் பழைய டோக்கனைப் புது எண்ணோடு தானாக இணைக்கிற ஏற்பாடு பல வங்கிகளில் உண்டு. வாடிக்கையாளர் வசதிக்காகச் செய்தது, திருடனுக்கும் வசதி. மோசடி என்று சொல்லி முடக்கினால் பெரும்பாலும் டோக்கனும் சேர்ந்து செத்துவிடும், ஆனால் "பெரும்பாலும்" என்பதை நம்பி விடாதீர்கள், கேட்டு உறுதி செய்யுங்கள். "கார்டு தொலைந்துவிட்டது" என்று வெட்கப்பட்டுப் பொய் சொல்லாதீர்கள், என்ன நடந்ததோ அதையே சொல்லுங்கள்.

பாதியில் நிறுத்திய கார்டையும் முடக்குங்கள். இந்தப் பக்கங்களில் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அடிக்க அடிக்க அந்தப் பக்கம் போகும்படி வைத்திருப்பது உண்டு, அதனால் கடைசியில் இருக்கிற பட்டனை அழுத்தவில்லையே என்பது ஆறுதல் ஆகாது. என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள், நியாயம்தான். ஓடிபி கொடுக்காதவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பதில். வாலட்டில் சேர்ப்பது கஷ்டம், ஆனால் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கிற இணையக் கடைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன.

லிங்கைத் தட்டியதும் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னதா? அப்படியென்றால் கதையே வேறு. ஃப்ளூபாட் என்று ஒரு திருட்டு ஆப் இதே பார்சல் வேஷத்தில் ஆண்ட்ராய்டு ஃபோன்களில் புகுந்து வங்கி விவரங்களைத் திருடியது. அது முடக்கப்பட்டுவிட்டதாக 2022இல் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் அறிவித்தது. அதே உத்தி மற்றவர்களிடம் இருக்கத்தான் செய்யும், அந்த ஃபோனிலிருந்து வங்கியைத் தொடாதீர்கள்.

அந்தப் பக்கத்தில் வீட்டு முகவரியும் கொடுத்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் ஒரு ஃபோன் வரலாம். எனக்கு வந்தது, பணம் போன நாலாவது நாள். வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு என்றார், நல்ல பணிவான குரல். என் பெயர், கார்டின் கடைசி நாலு இலக்கம் எல்லாம் சொன்னார். போன பணத்தைத் திருப்பிப் போட ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள் சார் என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அதற்கு முன்னால் அவரே நம்பிக்கை வரட்டும் என்று முகவரியை வாசித்தார், கதவு எண் 41 என்று. என் வீடு 14. வங்கியில் 14 என்றுதான் இருக்கிறது. பார்சல் பக்கத்தில் அவசரத்தில் மாற்றி அடித்தது நான்.