கடைக்கு 40 சதவீதம் என்றால் விலைச்சீட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: மேலூர் பக்கம் வீட்டில் இருந்தபடியே துணிப் பைகள் தைக்கிறேன். மதுரையில் ஒரு கடைக்காரர், "பையை வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் 40 சதவீதம் எனக்கு, மீதி உங்களுக்கு" என்கிறார். ஒரு பைக்கு எனக்கு 150 ரூபாய் ஆகிறது. அதன் மேல் 40 சதவீதம் கூட்டி 210 என்று சீட்டில் எழுதினால் சரியாக இருக்குமா?

பதில்:

சரியாக இருக்காது. 210 ரூபாய்க்கு விற்ற பையில் கடைக்காரர் 84 ரூபாய் எடுத்துக்கொள்வார், உங்கள் கைக்கு 126 ரூபாய்தான் வரும், அதாவது ஒவ்வொரு பைக்கும் உங்கள் கையிலிருந்து 24 ரூபாய் போகும். நீங்கள் 40 சதவீதத்தை உங்கள் அடக்கத்தின் மேல் கணக்கிட்டிருக்கிறீர்கள், கடைக்காரரோ அதே 40 சதவீதத்தை விற்ற விலையின் மேல் கணக்கிடுகிறார். இதே தவற்றை நானும் செய்து ஒரு பருவத்து உழைப்பை இழந்திருக்கிறேன் என்பதால் என் கணக்கையே விரிவாக எழுதுகிறேன்.

நான் மதுரையில் முனிச்சாலைப் பக்கம் கைக்கட்டுச் சுங்குடித் துப்பட்டா செய்பவள். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சுகளை இழுத்துப் பிரிக்கும் பழைய முறைதான் எங்களுடையது. ஒரு துப்பட்டாவுக்கு இரண்டரை மீட்டர் மெல்லிய பருத்தித் துணி 225 ரூபாய். சாயம், நூல், கஞ்சி, அடுப்புச் செலவு எல்லாம் சேர்த்து 45 ரூபாய். முடிச்சுப் போடும் அக்காவுக்கு ஒரு துப்பட்டாவுக்கு 430 ரூபாய் கூலி. சாயம் ஏற்றுவது, பிரிப்பது, தேய்ப்பது, மடிப்பது ஆகிய என் வேலைக்கு 100 ரூபாய் வைக்கிறேன். ஆக அடக்கம் 800 ரூபாய். இதன் மேல் இன்னும் 100 ரூபாய் சேர்த்து, ஒரு துப்பட்டா விற்றால் என் கைக்கு 900 ரூபாய் வர வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த 100 ரூபாய் முழுவதும் லாபம் அல்ல. கடையில் பத்துத் துணி விற்றால் ஒன்றாவது விற்காமல் திரும்பி வரும், அதன் மடிப்புக் கோட்டில் நிறம் வெளுத்திருக்கும், ஏனென்றால் கண்ணாடி அலமாரியில் வெயிலோ விளக்கோ அதே மடிப்பின் மேல் மாதக்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கிறது. அதை அடர்ந்த நிறத்தில் மறுபடி முக்கி அடக்கத்தில் பாதிக்கு விற்பதில் 400 ரூபாய் போகிறது. விற்காமல் வந்த ஒன்றின் இழப்பை விற்ற துணிகள்தான் தாங்க வேண்டும் என்பதால் துப்பட்டாவுக்கு 40 ரூபாய் அதற்கு ஒதுக்குகிறேன். கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு 10 ரூபாய். மீதி 50 ரூபாய்தான் லாபம் என்று சொல்லத் தக்கது. சரக்கை முழு விலைக்கு வாங்கிக்கொள்ளும் கடையாக இருந்தால் வெளுத்த துணி அவர்கள் பாடு. விற்ற பின் பணம் தரும் கடையில், விற்கும் வரை பொருள் நம்முடையது, அதன் கேடும் நம்முடையதே. இந்த ஒதுக்கீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதல் முறை 24 துப்பட்டாக்களை மாசி வீதிகளை ஒட்டிய ஒரு கடையில் வைத்தபோது, நானும் உங்களைப் போலவே 900 ரூபாயின் மேல் 40 சதவீதம் கூட்டி 1,260 என்று சீட்டு எழுதினேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் 20 துப்பட்டாக்கள் விற்றன. 18,000 ரூபாய் வரும் என்று காத்திருந்த எனக்குத் துப்பட்டாவுக்கு 756 ரூபாய் வீதம் 15,120 ரூபாய்தான் வந்தது. அந்த 20 துப்பட்டாக்களின் அடக்கமே 16,000 ரூபாய். முடிச்சுக் கூலி முழுவதையும் கொடுத்து முடித்தபோது என் 100 ரூபாய்க் கூலியிலும் ஒரு பகுதி போயிருந்தது. கடைக்காரர் பேசியபடியே கணக்குக் கொடுத்தார், அவர் மேல் பிழை இல்லை.

சரியான வழி பின்னாலிருந்து தொடங்குவது. கடைக்கு 40 என்றால் நமக்கு 60. கைக்கு வர வேண்டிய 900 ரூபாய் சீட்டு விலையில் 60 பங்காக இருக்க வேண்டும், ஆகவே 900-ஐ 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 1,500 வருகிறது. அதில் கடைக்கு 600, நமக்கு 900. கடை 30 சதவீதம் கேட்டால் 70-ஆல் வகுக்க வேண்டும், பாதி கேட்டால் 50-ஆல். எப்போதும் நமக்கு மிஞ்சும் பங்கால்தான் வகுக்க வேண்டும்.

இதோடு நின்றுவிட முடியாது, ஏனென்றால் கடை எந்தத் தொகையின் மேல் பங்கு பிரிக்கிறது என்பதைப் பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் 1,500-உம் ஏமாற்றும். முதலாவது, வரி. ஜிஎஸ்டி பதிவுள்ள கடையில் சீட்டு விலை வரியும் சேர்ந்த விலையாகத்தான் இருக்கும், என் துப்பட்டாவுக்கு இப்போது 5 சதவீதம். 1,500 ரூபாயில் வரியைக் கழித்தால் 1,428 ரூபாய் 57 காசு, அதில் 60 பங்கு 857 ரூபாய். எனக்குத் தெரியாமலேயே 43 ரூபாய் குறைகிறது. ஆகவே அப்படிப்பட்ட கடைக்கு 1,500-இன் மேல் 5 சதவீதம் சேர்த்து 1,575 என்று எழுதுகிறேன். வரி விலையின் மேல் ஏறுவது என்பதால் இங்கே மட்டும் கூட்டுவதுதான் முறை. உங்கள் பைக்கு என்ன வரி என்பதை அந்தக் கடையில் அதே மாதிரிப் பைக்குப் போட்ட பில்லைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, தள்ளுபடி. ஆடி மாதம் வந்தால் கடை முழுவதும் 20 சதவீதம் என்று பலகை வைத்துவிடுவார்கள், நம் பொருளும் அந்தப் பலகையின் கீழ் வந்துவிடும். வரியை ஒதுக்கிவிட்டு 1,500-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், 10 சதவீதத் தள்ளுபடியில் 1,350-க்கு விற்று எனக்கு 810 ரூபாய் வரும், அடக்கத்தை ஒட்டிப் பிழைத்துக்கொள்வேன். 20 சதவீதத்தில் 1,200-க்கு விற்று 720 ரூபாய் வரும், அது அடக்கத்துக்கும் கீழே. இதற்காகச் சீட்டு விலையை முன்கூட்டியே ஏற்றி வைப்பது எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் ஆண்டின் மற்ற மாதங்களில் வருபவர்கள் அந்த ஏற்றத்தைக் கண்டு துணியை விரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, 10 சதவீதம் வரை தள்ளுபடியை இருவரும் பங்கு வீதப்படி ஏற்பது, அதற்கு மேல் போனால் என் தொகை 810-க்குக் கீழே இறங்காமல் மிச்சத்தைக் கடை தன் பங்கிலிருந்து விடுவது என்று ஒரு வரி எழுதி, கடைக்காரரின் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். நான் கேட்ட மூன்று கடைகளில் இரண்டு இதற்கு ஒப்புக்கொண்டன. மூன்றாவது கடையில், ஆடிக்கு முன்பே சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, அந்த விலையை நீங்களும் காக்க வேண்டும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சீட்டின் பின்புறம் என் கைபேசி எண் இருந்தது. கடையில் 1,500 ரூபாய்ச் சீட்டைப் பார்த்த ஒரு அம்மா அந்த எண்ணில் அழைத்து, வீட்டுக்கே வந்து கேட்டார். கடைப் பங்கு இல்லையே என்று எண்ணி 1,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். அவர் மறுவாரம் அதே கடையில் போய் அதைச் சொல்ல, கடைக்காரர் என் சரக்கு முழுவதையும் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பினார். அவர் கோபம் நியாயமானது. வாடகை, விளக்கு, ஆள் சம்பளம் எல்லாம் அவருடையவை, அங்கே பார்த்துவிட்டு என்னிடம் வாங்கினால் அவருக்கு என்ன மிஞ்சும்? இப்போது வீட்டிலும் கண்காட்சியிலும் கடையிலும் வரி நீங்கலாக ஒரே விலைதான். வீட்டில் விற்கும்போது கூடுதலாக வரும் தொகை, வந்தவர்களுக்குப் பத்துத் துணியை விரித்துக் காட்டி மடித்து வைக்கும் என் நேரத்துக்கான கூலி. எங்கும் ஒரே விலை என்றாகிவிட்டால், நீங்கள் பொருள் வைக்கும் கடைகளில் எது அதிகப் பங்கு கேட்கிறதோ அதற்குப் போட்ட கணக்கே எல்லா இடத்துக்கும் விலையாகும். இதனால்தான் பாதிப் பங்கு கேட்கும் கடைக்கு நான் துப்பட்டா கொடுப்பதில்லை, அந்த ஒரு கடைக்காக மற்ற எல்லா இடத்திலும் வரி நீங்கலாக 1,800 என்று எழுத வேண்டியிருக்கும்.

கணக்கு காட்டும் விலைக்கு ஆள் வாங்குவார்களா என்பது வேறு கேள்வி. அதே அலமாரியில் அச்சுச் சுங்குடித் துப்பட்டா என் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது. பார்த்தவுடன் இரண்டும் புள்ளிகள்தான். அதனால் என் சீட்டில் விலைக்கு மேலே, "கையால் முடிச்சிட்டது, புள்ளியைத் தடவிப் பாருங்கள்" என்று எழுதுகிறேன். முடிச்சு இருந்த இடத்தில் துணி சற்றே மேடாகச் சுருங்கியிருக்கும், புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, அச்சில் அது வராது. அப்படியும் மூன்று மாதத்தில் பத்துக்கு மூன்றுகூடப் போகவில்லை என்றால் அந்தக் கடைக்கு வருபவர்களுக்கு இந்த விலை ஒவ்வவில்லை என்று புரிந்துகொண்டு, துப்பட்டாவை எடுத்துவிட்டு முடிச்சு குறைவான சின்னக் கழுத்துத் துணி வைக்கிறேன். துப்பட்டாவின் விலையைக் குறைப்பதில்லை. முதல் வாரத்திலேயே எல்லாம் போய்விட்டாலும் சற்று நின்று பார்க்க வேண்டும். அநேகமாக நம் கூலியைக் குறைத்துப் போட்டிருப்போம்.

உங்கள் 150 ரூபாய்க்கு வருகிறேன். துணி, நூல், கைப்பிடி நாடா ஆகியவற்றுக்கே 150 ஆகிறது என்றால் உங்கள் கூலி அதில் இல்லை. ஒரு நாளில் நான்கு பை தைக்கிறீர்கள், ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பைக்கு 100 ரூபாய் சேரும், அழுக்காகித் திரும்புவதற்கும் பேருந்துக்கும் இன்னும் 20. ஆக 270 ரூபாய் கைக்கு வர வேண்டும். 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சீட்டு விலை 450, பில்லில் வரி போடும் கடையானால் அந்த வரி இதற்கு மேல். அந்தக் கடையில் துணிப் பைகள் என்ன விலைக்குத் தொங்குகின்றன என்பதை நேரில் போய்ப் பாருங்கள். 300 ரூபாய்க்கு மேல் ஒன்றும் இல்லை என்றால் இந்தப் பையை அங்கே வைக்க வேண்டாம். 300-இல் உங்களுக்கு வருவது 180 ரூபாய், பொருள் செலவு போக மிஞ்சும் 30 ரூபாய் முக்கால் மணி நேரத் தையல் கூலிக்குக்கூடப் போதாது. அரை மணியில் தைத்து முடியும், உள்பை இல்லாத ஒரு சின்னப் பையாக மாற்றி, அதற்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.