மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தியதும் தலைக்குள் கரண்ட் அடிப்பது ஏன்?

கேள்வி: காசிமேட்டுல மீன் ஏலம் எடுத்து விக்கிறேன். வயசு 42. மனச்சோர்வுன்னு சொல்லி டாக்டர் மாத்திரை குடுத்தார். முதல் மூணு வாரம் வயித்தைப் பொரட்டுனதுதான் மிச்சம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நல்லாயிட்டேன். ஏழு மாசம் போட்டேன். தடைக்காலத்துல கையில காசில்ல, நல்லாத்தானே இருக்கோம்னு நிறுத்திட்டேன். மூணாம் நாள் தலை சுத்தல், தலைக்குள்ள பளிச்சுன்னு கரண்ட் அடிக்கிற மாதிரி, தூக்கமும் போச்சு. அஞ்சாம் நாள் திரும்பப் போட்டேன், மறுநாளே அடங்கிடுச்சு. "நீயும் குடிகாரன் மாதிரி அடிமையாயிட்ட"ங்கறார் வீட்டுக்காரர். அட்டையில எஸ்சிடாலோபிராம் 10 மி.கி., குளோனாசிபாம் 0.5 மி.கி.ன்னு போட்டிருக்கு. ஆயுசுக்கும் போடணுமா?

பதில்: வேண்டாம் அம்மா. அட்டையில் உள்ள பெயர்களை எழுதி அனுப்பியது நல்லதாயிற்று, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. நீங்கள் போடுவது ஒரே மாத்திரைதான். ஆனால் அதற்குள் இருப்பது இரண்டு மருந்து. எஸ்சிடாலோபிராம் மனச்சோர்வுக்கானது. குளோனாசிபாம் படபடப்பையும் தூக்கமின்மையையும் அன்றைக்கே அடக்குவது. முதல் மருந்து வேலை செய்யும்வரை தாக்குப்பிடிக்க, இரண்டாவதைச் சில வாரங்களுக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். பிறகு அதை எடுத்துவிட வேண்டும். நடைமுறையில் பலருக்கு அந்தப் பழைய சீட்டே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் மூன்று வாரம் ஏன் ஒன்றும் தெரியவில்லை? மூளையின் நரம்பு முனைகளில் செரட்டோனின் என்ற பொருள் சுரந்து, வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அந்த உறிஞ்சலை எஸ்சிடாலோபிராம் முதல் நாளே அடைத்துவிடும். அப்போது செரட்டோனின் சேரத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர்த் தொட்டியில் மிதவை வால்வு இருக்கிறதே, மட்டம் கொஞ்சம் ஏறியதும் வரத்தை அது மூடிவிடும். நரம்பு செல்லிலும் அப்படி ஓர் உணர்வி இருக்கிறது. செரட்டோனின் ஏறுவதைப் பார்த்ததும் 'போதும்' என்று சுரப்பைக் குறைத்துவிடும். மருந்து நாள்தோறும் போகப்போகத்தான் அந்த உணர்வி மரத்துப்போகும். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். நரம்பு இணைப்புகள் சீராவது அதன் பிறகு. காரணம் இது ஒன்று மட்டுமே என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தத் தாமதத்துக்கு நாங்கள் தரும் முக்கிய விளக்கம் இதுதான். குடலிலும் செரட்டோனின் நிறைய உண்டு. அங்கே இப்படிக் காத்திருப்பதில்லை, அதனால் வயிற்றுப் புரட்டல் முதல் வாரமே வந்துவிடுகிறது. கெடுதல் முதலில், நன்மை பிறகு என்ற இந்த வரிசைதான் பலரைப் பத்தாம் நாளே நிறுத்த வைக்கிறது. சரியான அளவில் நான்கு வாரம் போட்டும் துளி மாற்றம் இல்லை என்றால்தான் மருந்தையோ அளவையோ மாற்ற யோசிப்போம். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

இனி அந்த மூன்றாம் நாள். எஸ்சிடாலோபிராம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். மூன்று நாளில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஏழு மாதம் மருந்தோடு பழகிய மூளை இவ்வளவு வேகமாக மாறிக்கொள்ளாது. தலைசுற்றல், கண்ணைத் திருப்பும்போது பளிச்சென்று ஒரு அதிர்ச்சி, விசித்திரக் கனவு, எரிச்சல் எல்லாம் அதனால்தான். தூக்கம் போனதில் குளோனாசிபாமுக்கும் பங்கிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தியதால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நோய்தான் திரும்பி வந்துவிட்டதோ என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். இல்லை. மனச்சோர்வு திரும்புவதென்றால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வரும். பழைய அழுகையும் சோர்வும் பிடிப்பின்மையுமாக வரும். கரண்ட் அடிப்பது உங்கள் பழைய நோயில் இருந்ததே இல்லை. அதோடு, மாத்திரை போட்ட மறுநாளே அடங்கியது என்கிறீர்கள். முதல் தடவை மூன்று வாரம் எடுத்துக்கொண்ட மனச்சோர்வு இந்தத் தடவை ஒரே நாளில் ஓடிவிடுமா?

வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லுங்கள். அடிமை என்றால் அந்தப் பொருள் மேல் ஏக்கம் இருக்க வேண்டும், போதை இருக்க வேண்டும், ஒன்று இரண்டாகி நாலாக வேண்டும். ஏழு மாதமும் அதே 10 மி.கி.தானே போட்டீர்கள்? நாலு மாத்திரை சேர்த்துப் போட வேண்டும் என்று கை அரித்ததா? ரத்த அழுத்தத்துக்குப் போடும் அட்டெனோலாலைத் திடீரென நிறுத்தினாலும் நெஞ்சு படபடக்கும், அழுத்தம் எகிறும். அதைப் போடுபவரை யாரும் அடிமை என்பதில்லை. ஆனால் உடல் பழகிவிடுவது உண்மை. 'நிறுத்தினால் ஒன்றும் ஆகாது' என்று எங்களில் சிலர் சொல்லிவந்ததும் தவறு. வீட்டுக்காரரின் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, ஆனால் அது குளோனாசிபாமைப் பற்றியது. அதில் பழக்கம் உண்டாகும், அளவு கூட்டத் தோன்றும், திடீரென நிறுத்தினால் அரிதாக வலிப்பே வரலாம். அதைப் போட்டுக்கொண்டு மதுவைத் தொடவே கூடாது.

நிறுத்தும் வழிக்கு வருவோம். இது உங்களுக்கு முதல் தடவை என்றால், நன்றாக ஆன பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்வது வழக்கம். நீங்கள் நின்றது அதற்குச் சற்று முன்னால். இரண்டு மூன்று தடவை வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டாவது வேண்டும். இப்போதைக்கு விடாமல் போடுங்கள். தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து வியாபாரம் நிலைத்த பிறகு, டாக்டரிடம் கேட்டுக் குறைக்கத் தொடங்கலாம். கலவை மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள், இரண்டு மருந்தும் சேர்ந்து குறையும். முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்சிடாலோபிராம் 10 அப்படியே இருக்கட்டும். குளோனாசிபாமை 0.25 ஆக்கி இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு அதிலும் பாதி, பிறகு நிறுத்தம். அது முடிந்து தூக்கம் சீரான பின் எஸ்சிடாலோபிராம்: 5 மி.கி. நான்கு வாரம், 2.5 மி.கி. நான்கு வாரம். நான் உங்களைப் போன்றவர்களுக்கு எழுதுவது ஏறக்குறைய இதுதான். உங்கள் டாக்டர் இன்னும் மெதுவாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

பத்திலிருந்து ஐந்துக்கு வருவது பெரும்பாலும் சுலபம். பாதி அளவு போட்டாலும் உறிஞ்சல் அடைப்பு பாதியாகிவிடுவதில்லை, கொஞ்சம்தான் குறையும். ஐந்திலிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போதுதான் அடைப்பு சரசரவென்று இறங்கும், தொல்லையும் அங்கேதான் வரும். கடைசிப் படியில் கரண்ட் அடித்தால் முந்தைய அளவுக்குத் திரும்பிப் போய், இன்னும் சின்னப் படியாக இறங்கலாம். சிலருக்கு மாதங்கள் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக் குறைப்பது வேண்டாம்; 48 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிடும், நாள்தோறும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

காசுதான் தடை என்றால், பழைய ஜெயில் ரோட்டிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்து இலவசம். போகும்போது இந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். நடுவில் உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் ஓபி நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசும், கட்டணம் கிடையாது.